முழுதும் பார்க்காமல் வீடியோவைச் சோதிப்பது எப்படி?

முழு வீடியோவையும் பார்க்காமல், அது குழந்தையின் வயதுக்கு ஏற்றதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சீரான இடைவெளியில் மாதிரிப் படங்களை எடுத்துப் பார்ப்பார்கள். 10 நிமிட வீடியோவில் 10 விநாடிக்கு ஒன்று என்றால் சுமார் 60 படங்கள். புத்தகத்தைப் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது போலத்தான் இது. இடையில் 3 விநாடி மட்டும் வந்துபோகும் கோர முகம் தப்பிவிடலாம். அதனால் காட்சி மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு படம் கூடுதலாக எடுப்பது அவசியம்.

பேச்சை எழுத்தாக்கி, வசவுச் சொற்களைத் தேடுவார்கள். காட்சியின் கருப்பொருளைப் புரிந்துகொள்வதுதான் உண்மையில் கடினம். கையில் இருக்கும் கத்தி காகிதம் வெட்டவா, மிரட்டவா என்பதை ஒற்றைப் படம் சொல்லாது. முன்பின் படங்களையும் அந்நேரத்து வசனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

கார்ட்டூன் என்றாலே குழந்தைகளுக்கானது என்று பலர் நம்புகிறார்கள். பெரியவர்களுக்கென்றே எடுக்கப்படும் கார்ட்டூன்களும் உண்டு.