படித்தது மறக்காமல் இருக்க எந்தெந்த நாளில் திருப்பிப் பார்க்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை படித்தது புதன்கிழமைக்குள் பாதி மறந்துவிடுகிறது. நாளாக ஆக நினைவு எப்படிச் சரிகிறது என்று காட்டும் கோட்டை மறதி வளைவு என்கிறார்களே, எப்போது திருப்பிப் பார்த்தால் மனதில் நிற்கும்?

முதல் திருப்புதல் மறுநாளே, அடுத்தது மூன்றாம் நாள், பிறகு ஏழாம் நாள், அதன்பின் மூன்று வாரம் கழித்து. இது வேதவாக்கு அல்ல, தொடங்குவதற்கு ஒரு கணக்கு.

ஜெர்மானியரான எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்துப் பார்த்து, 1885இல் முடிவுகளை வெளியிட்டார். மறுபடி படிக்கும்போது முதல் தடவையைவிட மிச்சமான நேரம் 20 நிமிடம் கழித்து 58 சதவீதம், ஒரு நாள் கழித்து 34, ஆறு நாள் கழித்து 25, ஒரு மாதம் கழித்து 21. ஆக, சரிவு முதல் நாளிலேயே செங்குத்து. பிறகு வளைவு படுத்துவிடுகிறது. அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. இந்த எண்களை அப்படியே உங்கள் பாடத்துக்குப் பொருத்த வேண்டாம்.

திருப்புதல் வளைவை மேலே தூக்குவதோடு, அடுத்த சரிவையும் மெதுவாக்குகிறது. அதனால்தான் இடைவெளியை நீட்ட முடிகிறது.

ஞாயிறன்று 30 தனிமங்களின் குறியீடுகள் படித்தீர்கள் என்று வையுங்கள். திங்களன்று புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். சோடியத்துக்கு Na வரவில்லையா, பத்து நொடி யோசித்த பிறகே விடையைப் பாருங்கள். புதனன்று தவறியவற்றோடு மற்றவற்றையும் எழுதுங்கள். பாதிக்கு மேல் வராவிட்டால் இடைவெளி அதிகம், குறையுங்கள். யோசிக்காமலே எல்லாம் கொட்டினால் நீட்டுங்கள்.

பலர் சறுக்குவது இங்கேதான்: அடிக்கோடிட்டதையே மறுபடி வாசிப்பார்கள். கண்ணுக்குப் பழகியது தெரிந்ததுபோல் தோன்றும். தாளை நீட்டினால் கை ஓடாது.