உறுமுகிற மோட்டர் எரிந்த மோட்டர் அல்ல

"நிலாவெளியில் இருக்கிறோம். மூன்று மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. வந்து கிணற்று மோட்டரைப் போட்டால் உறுமுகிறது, சுற்றவில்லை. கொயில் எரிந்துவிட்டது, திருப்பிச் சுற்ற வேண்டும் என்று திருத்துபவர் சொல்கிறார். கூரை ஃபானும் குசினி எக்ஸோஸ்ட் ஃபானும் மெதுவாகத்தான் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் கப்பாசிட்டர் மாற்றினால் போதுமா?"

மோட்டரை இப்போதைக்குக் கடைக்கு அனுப்ப வேண்டாம். உறுமுகிறது என்றால் பிரதான கொயிலில் கரண்ட் ஓடுகிறது. எரிந்த கொயில் பெரும்பாலும் கருகல் மணம் அடிக்கும், இல்லையென்றால் ட்ரிப் சுவிட்சை விழுத்தும். ஒன்று மட்டும் கவனம்: சுற்றாமல் நிற்கிற மோட்டர் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். "இன்னொருமுறை போட்டுப் பார்ப்போம்" என்று சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தே நல்ல கொயிலை எரித்த வீடுகள் உண்டு. இரண்டு விநாடிக்கு மேல் உறுமவிடாதீர்கள்.

சைக்கிள் பெடல் நேர் மேலே நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சில்லு சுழலாது. வீட்டுக்கு வரும் ஒற்றைக் கட்ட மின்சாரமும் மோட்டரை அப்படித்தான் அழுத்துகிறது. சுழலத் தொடங்க, சற்று முன்பின்னாக இன்னொரு தள்ளல் வேண்டும். அந்தத் தள்ளலை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் ஷேடட் போல், நிரந்தரக் கப்பாசிட்டர், ஸ்ப்ளிட் ஃபேஸ் என்ற மூன்று வகை மோட்டர்களும் வேறுபடுகின்றன.

உங்கள் எக்ஸோஸ்ட் ஃபான் சிறியது என்றால் அது அநேகமாக ஷேடட் போல். மூடியைக் கழற்றிப் பார்த்தால் இரும்புத் துருவத்தின் மூலையில் தடித்த செப்பு வளையம் தெரியும். அந்த வளையம்தான் பிந்திய தள்ளலைத் தருகிறது. இதில் இரண்டாவது கொயிலே கிடையாது, ஆகவே கப்பாசிட்டர் போட இடமும் கிடையாது. போட்டுத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். இந்த மோட்டருக்குப் பலம் குறைவு. இழுக்கும் கரண்டில் பெரும்பகுதி சூடாகவே போய்விடும், ஆகவே குசினிப் பிசுக்கு சற்றுப் பிடித்தாலே தளர்ந்துவிடும். இறக்கையைக் கழுவி, தண்டின் இரு முனைகளிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு துளி விட்டுப் பாருங்கள்.

கூரை ஃபான் கதை வேறு. அதில் இரண்டு கொயில் உண்டு, இரண்டும் எப்போதும் வேலை செய்யும். இரண்டாவதோடு ஒரு கப்பாசிட்டர் நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும், பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் அளவில். இங்கே அந்த இன்னொரு தள்ளல் இதனால்தான் கிடைக்கிறது. கப்பாசிட்டருக்குள் இருக்கும் மெல்லிய உலோகப்படலம் வோல்ட் தாவும் ஒவ்வொரு முறையும் புள்ளி புள்ளியாகக் கரைந்து, தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும். அப்படி ஆற ஆறக் கொள்ளளவு குறையும். முதலில் ஃபான் வேகம் குறையும், அப்புறம் கையால் சுழற்றிவிட்டால்தான் ஓடும். உங்கள் ஃபானின் மெதுவுக்கு இதுதான் முதல் சந்தேகம்.

கிணற்று மோட்டர்களும் இன்று பெரும்பாலும் இதே வகைதான். பழைய ஸ்ப்ளிட் ஃபேஸ் மோட்டர் வேறு: மெல்லிய தொடக்கக் கொயிலோடு தொடங்கி, வேகம் பிடித்ததும் உள்ளே ஒரு சுவிட்ச் அதைத் துண்டித்துவிடும். நிறுத்திய பின் ஓய்ந்து வரும்போது 'டிக்' என்று கேட்டால் அப்படி ஒரு சுவிட்ச் உள்ளே இருக்கிறது. கடலோரத்தில் அந்தத் தொடுமுனைகள் பச்சை பிடிக்கும், மோட்டர் தொடங்காமல் உறுமும். முனைகளை மென்மையான உப்புத்தாளால் தேய்த்தால் போதும். சுவிட்சை எடுத்துவிட்டுக் கப்பாசிட்டரோடு நேரே இணைத்துத் தருகிறேன் என்று ஒரு யோசனை வரும். தொடக்கக் கொயில் சில விநாடிக்கென்று சுற்றிய மெல்லிய கம்பி, நிரந்தரமாக கரண்ட் கொடுத்தால் தாங்காது.

சரி, உங்கள் மோட்டர். மூன்று மாதம் பூட்டிக் கிடந்தது என்ற செய்திதான் எனக்கு முக்கியம். இந்தச் சிறிய பம்ப்களில் பித்தளைச் சில்லு ஒன்று வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் சுழலும். இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தினம் ஓடினால் தண்ணீரே அதைச் சுத்தமாக வைத்திருக்கும். நம் கரையோரக் கிணறுகளில் உப்பு சற்று ஏறியிருக்கும், பம்ப் நின்றுவிட்டால் அந்த இடைவெளியில் துரு ஏறிச் சில்லைப் பிடித்துக்கொள்ளும். கப்பாசிட்டரும் நல்லது, கொயிலும் நல்லது, ஆனாலும் உறுமும். கப்பாசிட்டரைத்தான் முதலில் மாற்று என்று எல்லோருக்கும் சொல்கிற நானே, பூட்டிக் கிடந்த பம்பிற்கு மட்டும் அப்படிச் சொல்வதில்லை.

பிளக்கைக் கழற்றுங்கள், சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பின்மூடியின் திருகாணிகளைக் கழற்றினால் சிறிய குளிர்விக்கும் ஃபான் தெரியும். அதைக் கையால் சுற்றுங்கள். அசையவில்லையென்றால் முன்பக்க மூடியைத் திறந்து, சில்லின் விளிம்பில் மண்ணெண்ணெய் விட்டு ஒரு மணிநேரம் வைத்து, இருபுறமும் சிறிது சிறிதாக அசையுங்கள். சுத்தியலால் அடித்தால் பித்தளை உடையும்.

கையால் இலகுவாகச் சுழன்றால் சந்தேகம் கப்பாசிட்டர் மேல்தான். உப்புவெளியில் அரைக் குதிரைவலு பம்ப் ஒன்றை, கொயில் சுற்ற எடுத்துப் போகிற நேரத்தில் நான் பார்த்தேன். தகட்டில் 10 மைக்ரோஃபாரட், 450 வோல்ட் என்றிருந்தது. கப்பாசிட்டரின் இரு முனைகளையும் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு மின்சாரத்தை வடித்துவிட்டு, அளக்கும் மீட்டரில் வைத்தேன்: 4 சொச்சம். புதிதாக ஒரு 10 போட்டதும் ஓடியது. கொயிலையும் அன்றே பார்த்தேன். மூன்று வயர் முனைகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்று எண்கள் வரும், இரண்டு சிறியதின் கூட்டல் மூன்றாவதுக்குச் சமமாக வரவேண்டும். அங்கே 14, 24, 38 ஓம் வந்தன. ஐந்து நிமிடத்தில் பார்க்கக்கூடியதைப் பார்க்காமல், முழுக் கொயிலையும் வெட்டி எறியப் போனார்கள். பொதியின் மேல் வாட்டும் நிறமும் அச்சடிக்கிற நிறுவனங்கள், உள்ளே எந்த வகை மோட்டர் என்று ஒரு வரி போட்டிருந்தால் வீட்டுக்காரர் இப்படி ஏமாறமாட்டார். அதைக் கேட்பாரும் இல்லை.

கப்பாசிட்டர் வாங்கும்போது "பெரிசு போட்டால் பலம்" என்று 16 தருவார்கள். அது இரண்டாவது கொயிலில் கூடுதல் கரண்டை ஓட்டும், மோட்டர் சூடேறி சில மாதத்தில் கருகும். வோல்ட்டையும் குறைக்காதீர்கள். கரண்ட் 230 வோல்ட்தானே, 250 போதும் என்பது தவறு. ஓடும்போது கப்பாசிட்டரின் இரு முனைகளுக்கிடையில் வீட்டு வோல்ட்டை விட அதிகம் நிற்கும். கருப்பு உருளையாக, 100க்கு மேல் மைக்ரோஃபாரட் போட்டிருப்பது தொடக்கத்துக்கு மட்டுமான வகை. அதை நிரந்தரமாக இணைத்தால் வெடிக்கும். பழையதை எறியாமல் கடைக்குக் கொண்டுபோய், அதே எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

கப்பாசிட்டரும் கொயிலும் சரியாக இருந்தும் பின்னேரம் மட்டும் உறுமினால் வோல்ட்டை அளந்து பாருங்கள். 180க்கு இறங்கினால் தொடங்கும் பலம் ஏறக்குறைய 60 வீதம்தான், காலையில் அதே மோட்டர் எழும்பும். கொயில் எண்களின் கூட்டல் பொருந்தாவிட்டாலோ, கருகல் மணம் அடித்தாலோ மட்டும் கொயில் சுற்றக் கொடுங்கள். கொடுக்கும்போது செப்புக் கம்பி என்று எழுதி வாங்கி, கழற்றிய பழைய கம்பியையும் திருப்பிக் கேளுங்கள். அலுமினியத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டுச் செப்பை வைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள்.