2:1 இருந்தால் போதுமா?

வணக்கம் சார்,

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு ஜவுளிக்கடையின் இருப்புநிலைக் குறிப்பைக் கொடுத்து, விகிதங்களைக் கணக்கிட்டுக் கருத்து எழுதச் சொன்னார்கள். எல்லாம் லட்சத்தில்: சரக்கிருப்பு 24, கடனாளிகள் 9, ரொக்கமும் வங்கியும் 2, முன்கூட்டிச் செலுத்திய செலவு 1. கடனீந்தோர் 11, வங்கி மேல்வரைப்பற்று 5, கொடுபட வேண்டிய செலவு 2. முதல் 40, நீண்டகாலக் கடன் 12. விற்பனை 96, தொடக்கச் சரக்கிருப்பு 16, கொள்முதல் 80, நடைமுறைச் செலவுகள் 16.2, வட்டி 1.8. கொள்முதலும் விற்பனையும் முழுக்கக் கடனுக்கு. நடப்பு விகிதம் 2:1, மொத்த இலாப விகிதம் 25% என்று வந்தது. "இரண்டும் திருப்திகரம்" என்று எழுதினேன். பாதி மதிப்பெண்தான் கிடைத்தது. கணக்கில் பிழை இல்லை, அப்புறம் எங்கே தவறு?

அன்புள்ள மாணவிக்கு,

36-ஐ 18-ஆல் வகுத்தால் 2. சரிதான். ஆனால் அந்த 36-க்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் பார்க்கவில்லை. 2:1 என்ற அளவுகோலுக்கு ஒரு காரணம் உண்டு: நடப்புச் சொத்துகளை விற்கும்போது பாதி விலைதான் கிடைத்தாலும் நடப்புப் பொறுப்புகளை அடைத்துவிடலாம். இங்கே 36-இல் 24, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, விற்காத துணி. அதையும் முன்கூட்டிச் செலுத்திய 1-ஐயும் கழித்தால் விரைவுச் சொத்து 11. விரைவு விகிதம் 11/18, ஏறத்தாழ 0.61. இதற்கு வழக்கமாகச் சொல்லும் அளவு 1:1. (சில பாடநூல்கள் மேல்வரைப்பற்றைப் பொறுப்பிலிருந்து விலக்கும், அப்படிச் செய்தாலும் 11/13, 0.85தான். எந்த முறையில் போட்டீர்கள் என்பதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.)

அடுத்து, அந்தத் துணி எவ்வளவு வேகமாக விற்கிறது என்று பார்க்க வேண்டும். விற்ற சரக்கின் அடக்கவிலை 16 + 80 − 24 = 72. சராசரிச் சரக்கிருப்பு 20. சுழற்சி 3.6 தடவை, அதாவது ஒரு துணி கடையில் சராசரியாக 101 நாள் கிடக்கிறது. விற்ற பிறகு கடனாளிகளிடமிருந்து பணம் வர 34 நாள் (9/96 × 365). ஆக, போட்ட பணம் திரும்பிவர 135 நாள் ஆகிறது. கடனீந்தோரோ 50 நாளில் (11/80 × 365) பணம் கேட்கிறார்கள். நடுவில் உள்ள 85 நாளை யாராவது தாங்க வேண்டும். மேல்வரைப்பற்று 5 லட்சம் ஏன் இருக்கிறது என்பதற்கு இதிலேயே விடை கிடைக்கிறது. நீர்மைத்தன்மை பற்றிய கருத்து என்றால் இதைத்தான் எழுத வேண்டும்.

இனி இலாபம். மொத்த இலாபம் 24, விற்பனையில் 25%. நடைமுறைச் செலவுகளைக் கழித்தால் வட்டிக்கும் வரிக்கும் முன் 7.8. பயன்படுத்திய முதலீடு 40 + 12 = 52. அதன் மீது வருவாய் 15%. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மாணவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இது: நடப்பு விகிதத்தைத் தூக்கிப் பிடித்த அதே 24 லட்சம் சரக்கிருப்புதான் இலாபத்தையும் தூக்கிப் பிடிக்கிறது. இறுதிச் சரக்கிருப்பு கூடினால் விற்ற சரக்கின் அடக்கம் குறையும், இலாபம் கூடும். ஒரே ஆண்டில் இருப்பு 16-இலிருந்து 24 ஆகியிருக்கிறது. அதில் பழைய டிசைன், சாயம் மங்கிய துணி எவ்வளவு?

சரக்கிருப்பை அடக்கவிலை, விற்றால் கிடைக்கும் நிகர மதிப்பு இரண்டில் எது குறைவோ அதில் காட்ட வேண்டும் என்பது கணக்கியல் தரநிலை 2-இன் விதி. அப்படி மதிப்பிட்டு 4 லட்சத்தைக் குறைக்க நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். இருப்பு 20, அடக்கம் 76, மொத்த இலாபம் 20. விகிதம் 20.8%. நடப்பு விகிதம் 32/18, அதாவது 1.78. இவை இரண்டும் அவ்வளவு பயமுறுத்தாது. ஆனால் வட்டிக்கு முந்தைய இலாபம் 7.8-இலிருந்து 3.8 ஆகப் பாதிக்குக் கீழே போகிறது. பயன்படுத்திய முதலீடு 48 ஆகிறது, அதன் மீது வருவாய் 7.9%. 1.8 வட்டியைக் கட்டியபின் வரிக்கு முன் மிஞ்சுவது 2 லட்சம். சரக்கில் ஆறில் ஒரு பங்கு மதிப்பிழந்தால் இந்த நிலை. விரைவு விகிதம் மட்டும் 0.61-இலேயே நிற்கும், ஏனெனில் அதில் சரக்கு முதலிலிருந்தே இல்லை. அதனால்தான் இரண்டு நீர்மை விகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த 4 லட்சம் நான் வைத்த எண். வினாவில் இல்லாததைத் தேர்வில் உண்மைபோல எழுதக்கூடாது. நீங்கள் இப்படி எழுதலாம்: "நடப்பு விகிதம் 2:1 ஆக இருந்தாலும் விரைவு விகிதம் 0.61 மட்டுமே; நடப்புச் சொத்தில் மூன்றில் இரண்டு பங்கு 101 நாளுக்கு ஒருமுறை சுழலும் சரக்கு; எனவே குறுகிய காலக் கடனைத் தீர்க்கும் திறன் பலவீனமானது. மொத்த இலாபம் 25% என்பது இறுதிச் சரக்கிருப்பின் மதிப்பீடு சரி என்றால் மட்டுமே பொருந்தும்." சென்ற ஆண்டின் விற்பனையும் வினாவில் இருந்தால் அதையும் பாருங்கள். விற்பனையும் ஏறத்தாழ அதே விகிதத்தில் கூடியிருந்தால், இருப்பு 16-இலிருந்து 24 ஆனது வியாபாரம் வளர்ந்ததால்தான் என்று வாதிட இடமுண்டு. விற்பனை நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் துணி தேங்கிவிட்டது என்று தயங்காமல் எழுதுங்கள்.