‘கோல் மீ’ என்று மட்டும் மெசேஜ் வந்தால்

அம்மா, நிலாவெளி ஹோட்டலில் ரிசப்ஷன் பயிற்சிக்குப் போகும் உங்கள் மகளுக்கு வேலை போய்விடுமோ என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அப்படி நினைக்க ஒன்றும் இல்லை. ஆனால் அன்று அவள் செய்த இரண்டு விஷயங்களை மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமை லீவு நாள், கோணேஸ்வரத்தில் பூசைக்கு நிற்கிறாள். 11.20க்கு மேனேஜரிடமிருந்து வட்ஸ்அப்பில் ‘கோல் மீ’ என்று இரண்டே சொல். பார்த்தவுடன் கை நடுங்கியிருக்கிறது. முதல்நாள் இரவு ஒரு அறையின் சலவைக் கணக்கைப் பில்லில் போட மறந்தது நினைவுக்கு வந்து, அதற்குத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டாள். கூட வேலை செய்யும் இருவருக்குக் கோல் எடுத்து விசாரித்தாள். நாற்பது நிமிடம் கழித்து நீளமான மன்னிப்பு மெசேஜ் ஒன்றை அனுப்பினாள். மேனேஜருக்குத் தேவைப்பட்டது வேறு: முதல்நாள் ஒரு விருந்தினரிடம் அவள் வாங்கி வைத்த பொதி எந்த அலுமாரியில் இருக்கிறது என்பது. அந்த விருந்தினர் கட்டுநாயக்கா போக வான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். ஆறு மணி நேரப் பயணம், விமானம் பிடிக்க வேண்டும்.

அந்த இரண்டு சொல் ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது என்று பாருங்கள். தமிழில் நாங்கள் ‘எடு’ என்றோ ‘எடுங்கோ’ என்றோ சொல்லும்போதே கோபமா மரியாதையா என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல் மொட்டையாக நிற்கும். அதற்கு ஒரு தொனியை வாசிப்பவரே போட்டுக்கொள்கிறார். பயந்தவருக்கு அது அதட்டலாகத்தான் கேட்கும். விருந்தினரை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டுகிறவர் காரணம் எழுதமாட்டார். ஆகவே அந்த மெசேஜில் ‘பேச வேண்டும்’ என்பதைத் தவிர வேறு தகவல் இல்லை. இல்லாத தகவலைத் தேடி நண்பர்களைக் கேட்டால் வதந்திதான் கிடைக்கும்.

பதில் எளிது. பேசக்கூடிய இடத்தில் இருந்தால் எழுதவே வேண்டாம், உடனே எடுக்கலாம். முடியாவிட்டால், பார்த்துவிட்டேன் என்பதும் எத்தனை மணிக்கு எடுப்பேன் என்பதும் இருந்தால் போதும்: “சேர், கோயிலில் நிற்கிறேன். 11.35க்கு வெளியே வந்து எடுக்கிறேன். அவசரமென்றால் சொல்லுங்கள், இப்பவே எடுக்கிறேன்.” மணியை எழுதுவது முக்கியம். ‘கொஞ்சத்தில்’ என்றால் அவர் போனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நீல டிக் விழுந்த பிறகு வரும் மௌனமும் அவருக்குத் தெரியும். நாற்பது நிமிட மௌனத்துக்கு அவரும் ஒரு காரணம் ஊகிப்பார்.

‘எதற்கு சேர்?’ என்று கேட்கக் கூடாதா என்பீர்கள். தவறில்லை, ஆனால் பதில் வரும்வரை மனம் இன்னும் அலையும். அதற்குப் பதிலாக, “ஏதாவது விபரம் கையில் வைத்துக்கொண்டு எடுக்கவா?” என்று கேட்கலாம். அறை இலக்கமோ பதிவேடோ தேவையென்றால் அவரே சொல்லிவிடுவார்.

எடுத்ததும் பெயரைச் சொல்லி, “சொல்லுங்கள் சேர்” என்று நிறுத்த வேண்டும். முதலில் அவர் பேசட்டும். உண்மையிலேயே குறை சொல்லத்தான் கூப்பிட்டிருந்தால், முழுதும் கேட்டு, தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததற்கு “பார்த்து 2 மணிக்குள் சொல்கிறேன்” என்றால் போதும். அவர் எடுக்காவிட்டால் பத்து நிமிடம் விட்டு ஒருமுறை முயன்று, “11.35க்கும் 11.45க்கும் எடுத்தேன் சேர், போன் கையில்தான் இருக்கிறது” என்று எழுதிவிடலாம். திரும்பத் திரும்ப அடிக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. மேனேஜரின் படத்தோடு புதிய இலக்கத்திலிருந்து இதே மெசேஜ் வந்தால், போனில் சேமித்துள்ள பழைய இலக்கத்துக்கே எடுக்கச் சொல்லுங்கள். காசோ இரகசியக் குறியீடோ கேட்டு ஏமாற்றுகிறவர்களும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

சலவைக் கணக்கை மறைக்கச் சொல்லவில்லை, அம்மா. மறந்தது தெரிந்த உடனேயே, யாரும் கூப்பிடாமலே அவள் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது: எந்த அறை, எவ்வளவு தொகை, விருந்தினர் இன்னும் இருக்கிறாரா, போய்விட்டாரா. பொதி தேடுகிற அவசரத்தில் அந்த நீள மெசேஜ் வந்ததால், அவர் அதை ஒழுங்காக வாசித்திருக்கவும் மாட்டார். நாளை டியூட்டிக்குப் போனதும் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு, இரண்டு வசனத்தில் நேரே சொல்லட்டும்.

அடுத்த முறை வீட்டில் இருக்கும்போது இப்படி மெசேஜ் வந்தால், ‘என்னவாம், என்னவாம்’ என்று நீங்களும் பக்கத்தில் நிற்க வேண்டாம். அவள் பேசி முடித்துவிட்டு வந்து சொல்லட்டும்.