கோப்பையின் அடிக்கோடு

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். ஆளுக்கொரு ஸ்கெட்ச் நோட்டு வைக்கச் சொன்னேன். கொஞ்ச நாளிலேயே எல்லா நோட்டிலும் மலை, சூரியன், கார்ட்டூன் முகம். பார்த்து வரையுங்கள் என்றால், "என்னத்தைப் பார்க்க சார்?" என்கிறார்கள். என்ன பயிற்சி கொடுக்கலாம்?

— ஓர் ஓவிய ஆசிரியர்

அன்புள்ள நண்பருக்கு,

தலைப்பு கொடுப்பதை முதலில் நிறுத்துங்கள். ‘இயற்கைக் காட்சி’ என்றதும் கை தனக்கு மனப்பாடமான மலையைப் போட்டுவிடும், கண்ணுக்கு வேலையே இருக்காது. அதற்குப் பதில், பொருளைப் பார்த்தால்தான் விடை கிடைக்கும் என்கிற மாதிரி கேள்வி கொடுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே பொருள் போதும். கைப்பிடி வைத்த, பக்கங்கள் நேரான ஒரு கோப்பையை எடுத்துக்கொள்வோம்.

முதல் கேள்வி: வாய் எவ்வளவு திறந்து தெரிகிறது? கையை முழுக்க நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் வாயின் அகலத்தை அளக்கட்டும். பிறகு அதே வாய் மேலிருந்து கீழாக எவ்வளவு என்று அளக்கட்டும். உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டாவது அளவு மிகச் சிறியதாக இருக்கும். ஆனால் படத்தில் பெரும்பாலும் முழு வட்டத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும், வாய் வட்டம் என்பது தெரிந்த விஷயமாயிற்றே!

அடுத்து அடிப்பகுதி. மேசையில் தட்டையாக உட்கார்ந்திருப்பதால் அதை நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள். அது கண்மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருப்பதால், வாயைவிடச் சற்றுக் கூடுதலாகவே வளைந்து தெரியும். நோட்டைப் புரட்டும்போது நான் முதலில் தேடுவது இந்தக் கோட்டைத்தான். நேராக இருந்தால், பிள்ளை கோப்பையைப் பார்க்கவில்லை.

நீங்கள் திருத்தாதீர்கள். கோப்பையைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, வாயைச் சரியாகக் கண்மட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வாய் ஒற்றைக் கோடாகிவிடும், அடி மட்டும் வளைந்தே நிற்கும். அப்புறம் தரையில் வைத்து, நின்றபடி பார்க்கட்டும். மூன்று படமும் ஒரே பக்கத்தில் வரட்டும்.

இன்னொரு நாள், கைப்பிடியை விட்டுவிட்டு அதற்குள் தெரிகிற ஓட்டையின் வடிவத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். கைப்பிடிக்கு எல்லோரிடமும் ஒரு தயார்ப் படம் உண்டு. அந்த ஓட்டைக்குக் கிடையாது, அதனால் பார்த்தே ஆகவேண்டும். வாரக் கடைசியில் கோப்பையை மறைத்துவிட்டு நினைவிலிருந்து வரையட்டும். பிறகு அதை எடுத்து வைத்து, விட்டுப்போனதை வேறு நிறத்தில் சேர்க்கட்டும். எதைப் பார்க்காமல் விட்டோம் என்பது அந்த நிறத்தில் தெரிந்துவிடும்.

ரப்பர் வேண்டாம். தப்பான கோடு அப்படியே இருக்க, சரியான கோடு பக்கத்தில் வரட்டும். போன் படத்தைப் பார்த்து வரைவதும் இப்போதைக்கு வேண்டாம், அதில் தலையை எப்படி நகர்த்தினாலும் வாயின் வடிவம் மாறாது.

கார்ட்டூன் முகங்களைத் தடுக்காதீர்கள். இந்தப் பயிற்சி கற்பனையை வளர்க்காது, அது வேறு வேலை. நோட்டின் பின்பாதியை அதற்கு விட்டுவிடுங்கள். மதிப்பெண் போட்டே ஆகவேண்டுமென்றால் முன்பாதிக்கு மட்டும், அதுவும் அழகுக்கு இல்லாமல், அளந்து திருத்திய கோடுகளுக்குப் போடுங்கள்.