வீட்டுக் கடன் கேள்வி-பதில்: நிலுவைக் கோடு ஏன் மெதுவாக இறங்குகிறது?

கேள்வி: 30 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருடம். மாதம் 26,035 ரூபாய் வீதம் ஐந்து வருடம் கட்டிவிட்டேன். 15.6 லட்சம் கொடுத்தும் அசலில் மூன்றரை லட்சம்தான் குறைந்திருக்கிறது. வங்கிக் கணக்கில் தவறு இருக்குமா?

தவறு இல்லை. முதல் மாதத்தை மட்டும் பாருங்கள். 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 21,250 ரூபாய். உங்கள் தவணையில் அது போக மிச்சம் 4,785. அசலில் கழிவது அவ்வளவுதான். அடுத்த மாதம் நிலுவை 4,785 குறைந்திருப்பதால் வட்டி 34 ரூபாய் குறைகிறது. அந்த 34 ரூபாய் அசல் பக்கம் சேர்ந்து 4,819 ஆகிறது. இப்படி மாதாமாதம் சிறிது சிறிதாகக் கூடி, 143-வது தவணையில்தான் அசல் பங்கு வட்டியைத் தாண்டுகிறது. அதாவது கிட்டத்தட்ட 12 வருடம்.

மாதாமாத நிலுவையை வரைந்தால் மேல்பக்கம் புடைத்த வளைவு கிடைக்கும். 5 வருட முடிவில் 26.4 லட்சம், 10-ல் 21 லட்சம், 15-ல் 12.7 லட்சம். பாதிக் கடன் தீர்வது பாதிக் காலத்தில் அல்ல, 166-வது மாதத்தில். கூடவே 30 லட்சத்திலிருந்து பூஜ்யத்துக்கு ஒரு நேர்கோடும் போட்டுப் பாருங்கள். பத்தாம் வருடத்தில் இரண்டுக்கும் இடைவெளி 6 லட்சம். அந்த நேர்கோட்டின்படி கட்டுவதானால் மாதம் 12,500 அசலோடு வட்டியும் சேர்ந்து முதல் தவணையே 33,750 வரும். தொடக்கத்தில் தவணை குறைவாக இருப்பதற்குக் கொடுக்கும் விலைதான் அந்தப் புடைப்பு.

கேள்வி: எக்செலில் இதை எப்படி வரைவது?

A நிரலில் 0 முதல் 240 வரை மாத எண்கள், A2-வில் தொடங்கி. மற்றவை இப்படி:

```
F1: 3000000
F2: 8.5%
F3: 240
F4: =PMT(F2/12,F3,-F1)
B2: =F1
C2: =B2*$F$2/12
D2: =$F$4-C2
B3: =B2-D2
```

B நிலுவை, C வட்டி, D அசல். C2, D2, B3 மூன்றையும் கீழே இழுங்கள். B242-ல் பூஜ்யம் வர வேண்டும். தவணையை முழு ரூபாயாகத் தட்டச்சு செய்திருந்தால் சில ரூபாய் முன்பின் இருக்கும், கவலை வேண்டாம். A, B இரண்டையும் தேர்ந்து Scatter வகையில் கோடாக வரையுங்கள். Line வகையை எடுத்தால் மாத எண்களையே இன்னொரு கோடாக எக்செல் வரைந்துவிடுவது உண்டு. செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும். 20 லட்சத்தில் தொடங்கினால் முதல் வருடங்களிலேயே கடன் சரிந்து விழுவதுபோல் தெரியும்.

கேள்வி: எனக்கு வளைவே வரவில்லை. நேர்கோடு வருகிறது, அதுவும் கடைசியில் 18.5 லட்சத்தில் நிற்கிறது.

C நிரலில் `$B$2` என்று டாலர் குறி போட்டுப் பூட்டியிருப்பீர்கள். அதனால் எல்லா மாதமும் முழு 30 லட்சத்துக்கே வட்டி போகிறது, அசலில் என்றைக்கும் அதே 4,785 தான் கழிகிறது. 240 மாதத்துக்கு 11.5 லட்சம், மீதி அப்படியே நிற்கிறது. `B2` என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கேள்வி: 2022 தொடக்கத்தில் 7% வட்டியில் இதே தொகை, இதே 20 வருடம். இ.எம்.ஐ. 23,259. 13-வது மாதத்திலிருந்து 9.5% என்று போட்டால் கோடு தரையில் படுத்துவிடுகிறது. சூத்திரம் தப்பா?

சூத்திரம் சரி, நிலைமைதான் அப்படி. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக்கியது; உங்கள் இரண்டரை சதவீதம் அதுதான். ஒரு வருட முடிவில் உங்கள் நிலுவை 29.29 லட்சம். அதற்கு 9.5% வட்டி மாதம் 23,185. பழைய தவணையே தொடர்ந்தால் அசலில் கழிவது 74 ரூபாய்! இந்த வேகத்தில் கடன் தீர இன்னும் சுமார் 60 வருடம் பிடிக்கும். உயர்வு முழுவதும் முதல் மாதமே வந்திருந்தால் வட்டி 23,750 ஆகித் தவணையையே மீறும். குறைவது அசலில் ஏறி, கோடு மேல்நோக்கிப் போகும்.

மாறும் வட்டிக் கடனில் காலத்தை நீட்டுவது இப்படி அசலை வளர்ப்பதில் முடியக் கூடாது என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. தவணையை உயர்த்தவும் வாடிக்கையாளருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்றது. உங்கள் தாளில் 13-வது மாதத்திலிருந்து இ.எம்.ஐ.யை 27,788 ஆக்கிப் பாருங்கள். கோடு மறுபடி வளைந்து பழைய 240-வது மாதத்திலேயே பூஜ்யத்தைத் தொடும்.