240 வரித் தரவில் க்ராஸ் வேலிடேஷன்: எதை வைத்து மடிப்பது?

கேள்வி: இறுதியாண்டு புரொஜெக்டுக்குச் சில நூறு வரிகள்தான் சேர்க்க முடிந்தது. random_state-ஐ மாற்றினால் ஒருமுறை 77% வருகிறது, இன்னொருமுறை 92% வருகிறது. க்ராஸ் வேலிடேஷன் செய் என்கிறார்கள். அது போதுமா?

போதாது. எதை வைத்துப் பிரிக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. போன வருடம் வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து போர்டிங்கில் இருந்த ஒரு தம்பிக்கு இதே சிக்கல் வந்தது. இரண்டு மூன்று இரவு கூட உட்கார்ந்து பார்த்தேன். அதையே சொல்கிறேன்.

அவர் காலி வீதியிலும் அதை ஒட்டிய ஒழுங்கைகளிலும் 20 தேத்தண்ணிக் கடைகளைப் பிடித்து, ஒவ்வொன்றிலும் 12 நாள் கணக்கு எடுத்திருந்தார். மொத்தம் 240 வரி. கடை பூட்டும்போது வடை, ரோல்ஸ் மிஞ்சுமா மிஞ்சாதா என்று காலையிலேயே சொல்ல வேண்டும், அதுதான் புரொஜெக்ட். 72 வரியில் மிஞ்சியிருந்தது, 168 வரியில் இல்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு 'மிஞ்சாது' என்றே சொன்னாலும் 70% சரியாக வரும். இந்த 70-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

முதலில், எண் ஏன் இப்படி ஆடுகிறது? 20% பரிசோதனைக்கு ஒதுக்கினால் 48 வரி. 37 சரி என்றால் 77%, 44 சரி என்றால் 92%. நடுவே இருப்பது வெறும் ஏழு வரி. ஒரு மொடலின் உண்மையான திறன் 85% என்றே வைத்தாலும், 48 வரியில் அளந்தால் 75-க்கும் 95-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் விழலாம். மொடலில் எந்தக் கோளாறும் இல்லாமலே இது நடக்கும்.

ஐந்து மடிப்பு க்ராஸ் வேலிடேஷன் இந்த ஆட்டத்தைக் குறைக்கும். 240-ஐ ஐந்து பங்காக்கி, ஒவ்வொரு முறையும் நான்கு பங்கில் பழக்கி மிச்சப் பங்கில் சோதிக்கிறோம். ஒவ்வொரு வரியும் ஒரு தடவை பரிசோதனைக்கு வந்துவிடுவதால், 48-க்குப் பதிலாக 240 விடைகளை வைத்துப் பேசலாம். தம்பி அப்படிச் செய்தார், 85% வந்தது. அவருக்கு நல்ல சந்தோஷம். எனக்கு மட்டும் அது கூடிப்போனதாகத் தோன்றியது, ஏனென்றால் அவருடைய கட்டங்களில் பாதி கடையைப் பற்றியவை: எத்தனை கதிரை, பஸ் தரிப்பிடத்துக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திறப்பார்கள். இவை 12 நாளும் மாறாதவை.

அதில் என்ன பிழை? வரிகளைக் குலைத்துப் பிரித்தால் ஒரே கடையின் 12 நாளில் ஒன்பது, பத்து நாள் பயிற்சிப் பக்கம் போகும், இரண்டு மூன்று நாள் பரிசோதனைப் பக்கம் வரும். '14 கதிரை, 60 மீட்டர்' என்று கண்டவுடனேயே இது எந்தக் கடை என்று மொடலுக்குத் தெரிந்துவிடுகிறது. அந்தக் கடையில் பெரும்பாலும் மிஞ்சும் என்பதும் பயிற்சியில் பார்த்ததுதான். அது கடையை மனப்பாடம் செய்திருக்கிறது. ஒரு வரியை மட்டும் வெளியே எடுத்துச் சோதிக்கும் லீவ் ஒன் அவுட் முறையைச் சின்னத் தரவுக்குப் பலர் சொல்வார்கள். இங்கே அது இன்னும் மோசம்: மீதிப் பதினொரு நாளும் பயிற்சியில் இருக்கும்.

உங்கள் தரவில் இது நடக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அதே கட்டங்களை வைத்து, விடைக்குப் பதிலாகக் கடையின் எண்ணையே ஊகிக்க ஒரு மொடலைப் பழக்குங்கள். அது ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொன்னால், உங்கள் கட்டங்கள் கடையின் அடையாள அட்டையாக வேலை செய்கின்றன.

ஆகவே கடை கடையாகப் பிரித்தோம். ஒரு மடிப்புக்கு நான்கு கடை, அவற்றின் 12 நாளும் ஒரே பக்கம்:

```python
from sklearn.model_selection import GroupKFold, cross_val_score

cv = GroupKFold(n_splits=5)
scores = cross_val_score(pipe, X, y, groups=kadai_id, cv=cv)
```

82% வந்தது. இவ்வளவுதான் இறங்குமா என்று எனக்கு ஆச்சரியம். அப்புறம் கட்டங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போனபோது பிடிபட்டது. 'கடையின் மிஞ்சும் விகிதம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 12 நாளில் ஒன்பது நாள் மிஞ்சினால் 0.75. அதைத் தம்பி பிரிப்பதற்கு முன்பே முழு 240 வரியையும் வைத்துக் கணக்கிட்டிருந்தார். பரிசோதனைக் கடையின் விடைகளே அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தன. கடைவாரியாகப் பிரித்தாலும் இந்தக் கசிவு நிற்காது, ஏனென்றால் அது நடந்தது பிரிப்பதற்கு முன்னால். புதிதாக ஒரு கடைக்குப் போனால் இந்த எண்ணே கையில் இருக்காது. அந்தக் கட்டத்தைத் தூக்கினோம். இதே காரணத்துக்காகத்தான் அளவு சீராக்குவதையும் கட்டங்களைத் தேர்ந்தெடுப்பதையும் Pipeline-க்குள் வைக்க வேண்டும். அப்போதுதான் அவை ஒவ்வொரு மடிப்பிலும் பயிற்சிப் பங்கை மட்டும் பார்த்து நடக்கும்.

கடைசியில் ஐந்து மடிப்பிலும் வந்தவை 60, 69, 75, 79, 85. சராசரி 74%. சும்மா சொன்னாலே 70 கிடைக்கும் இடத்தில் 74.

தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் 60% வந்த மடிப்பில் எந்தக் கடைகள் என்று எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் இரண்டு பாடசாலை வாசலில் இருப்பவை. பள்ளிக்கூடம் நேரத்தோடு விட்ட நாட்களில் மிஞ்சியிருக்கிறது, அதைச் சொல்ல மொடலிடம் ஒரு கட்டமும் இல்லை. 85% என்ற எண்ணில் இது தெரிந்தே இருக்காது.

இன்னொன்று. மடிப்புகளின் எண்களை எடுத்து, திட்ட விலக்கத்தை √5-ஆல் வகுத்து 'நம்பிக்கை இடைவெளி' என்று போடாதீர்கள். பயிற்சிப் பங்குகளில் பெரும்பாலும் அதே வரிகளே திரும்பத் திரும்ப வருவதால் அந்த ஐந்தும் தனித்தனியான அளவீடுகள் இல்லை. ஐந்தையும் அப்படியே எழுதிவிடுவது நேர்மை. அறிக்கையில் தம்பி எழுதியது இதுதான்: 20 கடை, கடைவாரியாக ஐந்து மடிப்பு, சராசரி 74%, மடிப்புகள் 60 முதல் 85 வரை, ஒப்பிட 70%. பிறகு இறுதி மொடலை 240 வரியிலும் ஒருதடவை பழக்கினார். மடிப்புகளில் உருவான ஐந்து மொடல்களும் அளப்பதற்கு மட்டும்தான், அவற்றை வைத்திருக்கத் தேவையில்லை.

ஒருவேளை உங்கள் கேள்வி 'இதே 20 கடையில் நாளைக்கு என்ன' என்பதாக இருந்தால் கடைவாரிப் பிரிப்பு தேவையில்லை. அப்போது முதல் ஒன்பது நாளில் பழக்கி, கடைசி மூன்று நாளில் சோதிக்க வேண்டும். மொடல் எங்கே பயன்படப் போகிறது என்பதை முதலில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் பிரியுங்கள்.

தரவு கூட்ட நேரம் இருந்தால், பழைய கடைகளிலேயே இன்னும் சில நாள் நிற்காதீர்கள். புதிய கடை விஷயத்தில் உங்களிடம் இருப்பது 240 சாட்சி அல்ல, 20 சாட்சி. தம்பி பிறகு கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் 15 புதுக் கடை பிடித்து, ஒவ்வொன்றிலும் நான்கு நாள் மட்டும் நின்றார். பாடசாலை விடும் நேரத்துக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டார்.